பதினாறு ஏலம் காத்திருந்தால் ஆபத்து பதினாறு மடங்கா? பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிள்ளைகளே,

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நடந்த சண்டையை மணி அடித்து முடித்து வைத்தது. நான் முடித்து வைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். மழையில் கம்பம்மெட்டுப் பக்கத்தில் இருந்து வருகிற பாதிப் பேர் அன்று வரவில்லை, அவர்களுக்காகக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் ஒருவரின் வீட்டு ஸ்டோரில் 200 கிலோ உலர்ந்த ஏலக்காய் இருக்கிறது. கணக்குக்கு வசதியாக இன்றைய விலையைக் கிலோ 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். மொத்தம் 5 லட்சம். அம்மாவின் நகை அடகில் இருக்கிறது, மீட்க 4,50,000 வேண்டும். அப்பா இன்றே புற்றடி ஏலச் சந்தையில் விற்பனைக்குப் பதிந்துவிடலாம் என்கிறார். சித்தப்பா இன்னும் 16 ஏலம் பொறுக்கலாம் என்கிறார். தாத்தாவுக்கு 64 ஏலம் காத்திருக்க ஆசை. விலை எந்தப் பக்கம் போகும் என்று மூவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: ஓர் ஏலத்துக்கும் அடுத்த ஏலத்துக்கும் நடுவே விலை சுமார் 40 ரூபாய் ஏறும் அல்லது இறங்கும். புத்தக மொழியில் சொன்னால், ஓர் ஏல மாற்றத்தின் திட்டவிலக்கம் 40. நாளுக்கு ஓர் ஏலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நிஜத்தில் ஒரே நாளில் இரண்டு ஏலம்கூட நடக்கும், அதைப் பிறகு பார்ப்போம்.

கேள்வி: 16 ஏலத்துக்குப் பிறகு விலை இப்போதையதில் இருந்து எவ்வளவு விலகியிருக்கும்? வகுப்பில் மூன்று பதில்கள் வந்தன. பெருக்கிவிடு, 640 என்றது முன்வரிசை. ஏறுவதும் இறங்குவதும் அடித்துக்கொண்டு போய்விடும், அதே 40தான் என்றது ஜன்னல் பக்கம். "கணக்கே வேண்டாம் டீச்சர், போன வருஷ விலையை எடுத்து 16 ஏலத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போச்சு" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். நான் 160 என்றேன். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பேசவிடவில்லை.

முதலில் பெருக்கல். ஒவ்வோர் ஏலத்திலும் 40 நகர்ந்தால் 16 ஏலத்தில் 640 என்பது எப்போது சரி? எல்லா நகர்வும் ஒரே பக்கமாக இருந்தால் மட்டும். திங்கள் ஏறினால் செவ்வாயும் ஏற வேண்டும், புதனும் ஏற வேண்டும். அப்படி ஓர் உறுதி இருந்தால் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏலக்காய் வியாபாரத்துக்குப் போயிருப்போம். தாத்தாவின் 64 ஏலத்துக்கு இதே பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்: 2,560. விலையே 2,500தான். சாதாரணமான ஓர் இறக்கத்தில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், காயை எடுத்துக்கொள்ளச் சொல்லி நாம்தான் வியாபாரிக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

ஜன்னல் பக்கத்தின் பதிலில் பாதி உண்மை உண்டு. ஏற்றமும் இறக்கமும் ஒன்றை ஒன்று கழிக்கத்தான் செய்கின்றன. ஆனால் முழுக்கக் கழிய வேண்டுமென்றால் இன்று ஏறியது நாளை கட்டாயம் இறங்க வேண்டும். விலைக்கு அப்படிக் கடமை ஏதும் இல்லை. நாணயத்தைச் சுண்டினால் தலை விழுந்த பிறகு பூ விழுந்தே ஆக வேண்டும் என்றில்லை அல்லவா?

அந்த நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். தலை என்றால் 40 ஏற்றம், பூ என்றால் 40 இறக்கம். இரண்டு ஏலத்தில் நான்கு வழிகள் உண்டு: இரண்டும் ஏறி 80, ஒன்று ஏறி ஒன்று இறங்கி 0 (இது இரண்டு விதமாக வரும்), இரண்டும் இறங்கி −80. இவற்றின் சாதாரண சராசரி 0, அது நமக்கு ஒன்றும் சொல்லாது. எனவே வர்க்கத்தை எடுக்கிறோம்: 6,400, 0, 0, 6,400. சராசரி 3,200. அதன் வர்க்கமூலம் சுமார் 57. நாற்பதும் இல்லை, எண்பதும் இல்லை. இனி நான்கு ஏலம். பதினாறு வழிகளையும் நோட்டில் எழுதுங்கள், சோம்பல் வேண்டாம். 160-இல் முடிவது 1 வழி, 80-இல் 4, 0-இல் 6, −80-இல் 4, −160-இல் 1. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1,02,400. பதினாறால் வகுத்தால் 6,400. வர்க்கமூலம் சரியாக 80. நான்கு மடங்கு காலம், இரண்டு மடங்கு சிதறல்.

ஏன் இப்படி வருகிறது என்பது எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் இருக்கிறது. முதல் நாள் மாற்றம் அ, இரண்டாம் நாள் மாற்றம் ஆ.

(அ + ஆ)² = அ² + ஆ² + 2அஆ

அ²-இன் சராசரி 1,600, ஆ²-இன் சராசரியும் 1,600. விஷயம் முழுவதும் அந்த மூன்றாவது உறுப்பில் இருக்கிறது. இரண்டு நாளும் ஒரே பக்கம் போனால் 2அஆ மிகை எண், எதிரெதிர்ப் பக்கம் போனால் குறை எண். நேற்றைக்கும் இன்றைக்கும் சம்பந்தமே இல்லையென்றால் மிகை வருவதும் குறை வருவதும் சரிபாதி, எனவே அதன் சராசரி பூஜ்யம். மிச்சம் 1,600 + 1,600. ஒவ்வோர் ஏலமும் மேலும் ஒரு 1,600-ஐச் சேர்க்கிறது. நேரே கூடுவது விலக்க வர்க்கச் சராசரிதான். 16 ஏலத்தில் அது 25,600. நாம் ரூபாயில் பேச வேண்டுமென்பதால் மூலம் எடுக்கிறோம், அதனால் 160. காலத்துக்கு வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது என்றால், இந்தக் கடைசிப் படியில் இருந்துதான்.

படமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி. ஸ்டோர் வாசலில் இருந்து 40 அடி நடக்கிறீர்கள். பிறகு இன்னொரு 40 அடி. அதே திசையில் நடந்தால் வாசலில் இருந்து 80 அடி தூரம். இது முன்வரிசையின் பதில். திரும்பி நடந்தால் 0. ஜன்னல் பக்கம் இதற்கு அருகில் நிற்கிறது. செங்கோணத்தில் திரும்பி நடந்தால் பிதாகரஸ் சொல்கிறபடி 57 அடி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாற்றங்கள் செங்கோணத்தில் நிற்கிற இரண்டு பக்கங்கள். மூன்றாம் நாள் முந்தைய இரண்டுக்கும் செங்குத்தாக நிற்கும், அறையின் உயரம் போல. நான்காம் நாளை நிறுத்த நம் உலகத்தில் இடமில்லை, ஆனால் கணக்கு அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. பாரிஸ் பங்குச்சந்தையில் விலை விலகல் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது என்று ஒரு பிரெஞ்சுக்காரர் 1863-லேயே எழுதிவிட்டார். 1900-ல் லூயி பஷலியே தன் ஆய்வேட்டில் இதற்கு முழுக் கணிதத்தையும் கட்டினார். நீரில் மிதக்கும் தூசியின் அலைச்சலுக்கு ஐன்ஸ்டைன் இதே வர்க்கமூலத்தைக் காட்டியது அதற்கு ஐந்து வருடம் கழித்து.

இனி பின்வரிசை. கணக்கு வேண்டாம், நேரே அளந்துவிடலாம் என்பது மட்டமான யோசனை இல்லை. சொல்லப்போனால் மூன்றில் நேர்மையானது அதுதான், ஏனென்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் சம்பந்தமில்லை என்ற அனுமானம் அதற்குத் தேவையில்லை. சிக்கல் சரக்குப் பற்றாக்குறை. இரண்டு வருடத்தில் 600 ஏல விலைகள் கையில் இருக்கின்றன என்று வைப்போம். ஓர் ஏல மாற்றங்கள் கிட்டத்தட்ட 600 கிடைக்கும். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று படியாத 64 ஏலத் துண்டுகள் ஒன்பதுதான் கிடைக்கும். திட்டவிலக்கத்தை 600 அளவுகளில் இருந்து கணித்தால் பிழை நூற்றுக்கு 3 அளவில் நிற்கும். ஒன்பதில் இருந்து கணித்தால் நூற்றுக்கு 24. (பிழை விகிதம் தோராயமாக 1-ஐ, எண்ணிக்கையின் இரு மடங்குக்கு மூலம் எடுத்து வகுத்தது. இங்கேயும் ஒரு வர்க்கமூலம்.)

பழைய வருடங்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். 2018 வெள்ளத்துக்கும் அதற்கடுத்த வறட்சிக்கும் பிறகு, 2019-ல் புற்றடி ஏலத்தில் காய் 7,000 ரூபாயைத் தொட்டது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருடத்தின் ஓர் ஏல மாற்றமும் இந்த வருடத்தின் ஓர் ஏல மாற்றமும் ஒரே சாக்கில் கட்டத் தகுந்தவை அல்ல. தூரத்து வருடங்களுக்குப் போகப் போக எண்ணிக்கை கூடும், பொருத்தம் குறையும். ஆகவே நீண்ட காத்திருப்புக்கு வர்க்கமூலம், குறுகிய காத்திருப்புக்கு நேரடி அளவு என்பது என் பழக்கம்.

வர்க்கமூலம் எங்கே பொய் சொல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏல முடிவில் அச்சாகி வருகிற சராசரி விலையைப் பாருங்கள். இன்று ஓர் ஏலக் கம்பெனி, நாளை வேறொன்று. ஒருநாள் எட்டு மில்லிமீட்டர் பச்சை நிறக் காய் நிறைய வரும், மறுநாள் பொடிக்காயும் பழுப்புக் காயும் வரும். சந்தை விலை அப்படியே இருந்தாலும் சராசரி 30 ரூபாய் ஏறி அடுத்த நாள் 30 இறங்கும். ஒரே நாளில் நடக்கிற இரண்டு ஏலங்களுக்கு நடுவில்கூட இது நடக்கும். இந்தக் குதிப்பு விலையின் பயணம் இல்லை, அளவுகோலின் நடுக்கம். அது மறுநாளே திரும்பிவிடுகிறது. அதாவது நம் 2அஆ பூஜ்யம் இல்லை, குறை எண். காத்திருக்கிற ஏலங்கள் கூடினாலும் இந்த நடுக்கம் கூடாது, தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதையும் சேர்த்து அளந்த 40-ஐ நான்கால் பெருக்கினால் இல்லாத பயத்தையும் பெருக்குகிறோம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. நான்கு ஏலத்துக்கு ஒரு முறை மாற்றத்தை எடுத்து அதன் திட்டவிலக்கத்தைப் பாருங்கள். 80-க்குப் பக்கத்தில் வந்தால் வர்க்கமூலத்தை நம்பலாம். 65 வந்தது என்று வையுங்கள். வர்க்கம் 4,225. ஓர் ஏலத்தின் வர்க்கம் 1,600. நடுக்கம் இரண்டிலும் ஒரே அளவுதான் என்பதால், வித்தியாசமான 2,625 மூன்று ஏலங்களின் உண்மையான பயணம். ஏலம் ஒன்றுக்கு 875, மிச்சம் 725 நடுக்கம். பதினாறுக்கு 16 × 875 + 725 = 14,725, மூலம் சுமார் 121. நாம் சொன்ன 160-ஐ விடக் குறைவு. மாறாக நான்கு ஏல விலகல் 100 என்று வந்தால் விலை ஒரு பக்கம் போகத் தொடங்கியதும் தொடர்ந்து அதே பக்கம் போகிறது என்று அர்த்தம். அப்போது 160 என்பது குறைவான மதிப்பீடு. இரண்டு பிழைகளில் இரண்டாவதுதான் வீட்டை விற்க வைப்பது.

சரி, அப்பாவும் சித்தப்பாவும் தாத்தாவும் காத்திருக்கிறார்கள். நடுக்கத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு 40-ஐயே வைத்துக்கொள்வோம்.

காத்திருப்புக்கு இன்னொரு செலவு உண்டு, அது வர்க்கமூலத்தில் வளர்வதில்லை. நகைக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி என்றால், 2,500 ரூபாய்க்கு மாதம் 25. மாதத்துக்கு 25 ஏலம் என்று வைத்தால் ஏலத்துக்கு ஒரு ரூபாய். இது நேரே கூடும்: 16 ஏலத்துக்கு 16, 64 ஏலத்துக்கு 64. சிதறலோ 160, 320. ஒரே ஓர் ஏலம் காத்திருந்தால் வட்டி 1, சிதறல் 40. வட்டி கண்ணிலேயே படாது. தாத்தாவின் 64-இல் வட்டி சிதறலில் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. குறுகிய காலத்தில் நம்மை ஆட்டுவது சந்தை, நாள் போகப் போக வட்டி மெல்ல மெல்ல அதைப் பிடிக்க வருகிறது. விலை ஏறும் என்று யாருக்காவது நல்ல காரணம் இருந்தால் அந்த எதிர்பார்ப்பும் வட்டியைப் போல நேரேதான் கூடும். "பொறுத்தால் நல்ல விலை வரும்" என்பவரிடம் ஏலத்துக்கு எத்தனை ரூபாய் ஏறும் என்று கேளுங்கள்.

நகையை மீட்கக் கிலோவுக்கு 2,250 தேவை. கையில் இருக்கும் இடைவெளி 250. சித்தப்பாவின் வழியில் வட்டி 16 போக 234. அதைச் சிதறலான 160-ஆல் வகுத்தால் 1.46. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பாருங்கள்: நகை மீளாமல் போகும் வாய்ப்பு நூற்றில் 7. தாத்தாவின் வழியில் இடைவெளி 186, சிதறல் 320, வகுத்தால் 0.58, வாய்ப்பு நூற்றில் 28. அப்பாவின் வழியில் 0.

முன்வரிசையின் 640-ஐப் போட்டிருந்தால் சித்தப்பாவின் வழிக்கே நூற்றில் 36 வந்திருக்கும். அவரை யாரும் பேசவே விட்டிருக்க மாட்டார்கள். ஜன்னல் பக்கத்தின் 40-ஐப் போட்டிருந்தால் தாத்தாவின் வழியில்கூட ஆபத்தே தெரிந்திருக்காது. ஒரே குடும்பம், ஒரே காய். பெருக்கும் விதியை மாற்றினால் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதும் மாறுகிறது.

வகுப்பில் யாரும் சொல்லாத நான்காவது வழி ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். 100 கிலோவை இன்று விற்று 2,50,000-ஐ நகைக் கடனில் கட்டிவிடுவது, மீதி 100 கிலோவை 16 ஏலம் வைத்திருப்பது. மிச்சக் காய் 2 லட்சம் கொண்டுவந்தால் போதும், கிலோவுக்கு 2,000. இடைவெளி வட்டி போக 484, சிதறல் 160, வகுத்தால் 3-க்குக் கொஞ்சம் மேல். ஆயிரத்தில் ஒன்று.

பாதி விற்றால் ஆபத்து பாதியாகும் என்றுதானே தோன்றும்? இதையே வேறு மாதிரி ஒப்பிடுங்கள். மொத்தக் காயையும் 8 ஏலம் கழித்து விற்றால் வட்டி கிலோவுக்கு 8. பாதி இன்று, பாதி 16 கழித்து என்றாலும் சராசரி வட்டி அதே 8. ஆனால் முதலாவதில் சிதறல் 40-ஐ 8-இன் மூலத்தால் பெருக்கியது, 113. இரண்டாவதில் 160-இல் பாதி, 80. ஒரே வட்டி, குறைவான ஆட்டம். காலத்தை இரட்டிப்பாக்கினால் சிதறல் 1.41 மடங்குதான் ஆகிறது, சரக்கைப் பாதியாக்கினால் சிதறல் சரிபாதி ஆகிறது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் லாபம்.

அந்த 'ஆயிரத்தில் ஒன்று' என்பதை அப்படியே வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். இயல்நிலைப் பரவலின் வாலில் இருக்கிற எண்களை நான் நம்புவதில்லை. நூற்றில் 7 என்பதில் 5-ஓ 9-ஓ என்ற தடுமாற்றம்தான் இருக்கும். ஆயிரத்தில் ஒன்று என்பது நூற்றில் ஒன்றாகக்கூட இருக்கலாம். ஒரு பெரிய சரக்குத் திரும்பிவந்தாலோ, வெளிநாட்டில் பூச்சிமருந்து எச்சம் என்று நிறுத்திவைத்தாலோ விலை நாணயம் சுண்டுகிற மாதிரி 40, 40-ஆக இறங்காது. ஒரே ஏலத்தில் 300 விழும். அப்படி விழுந்த பிறகு வரும் வாரங்களில் அந்த 40-ம் 40-ஆக இருக்காது. ஏலம் இல்லாத நாட்களைக் காலத்தில் சேர்க்காமல் ஏலங்களை மட்டும் எண்ணியதும் ஒரு தோராயம்தான். ஓணத்துக்கு அடைத்துவிட்டுத் திறக்கிற முதல் ஏலத்தில் வழக்கத்தைவிடப் பெரிய மாற்றம் வருகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

திங்கட்கிழமைக்கு வேலை: வீட்டில் ஏல விலைச் சீட்டு இருப்பவர்கள் கடைசி 65 ஏலங்களின் சராசரி விலையை எழுதி வாருங்கள். இல்லாதவர்கள் பக்கத்து ஸ்டோரில் கேளுங்கள், தருவார்கள். கம்பெனியின் பெயரையும் பக்கத்திலேயே குறியுங்கள், நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க அது வேண்டும். 64 ஓர் ஏல மாற்றங்கள், 16 நான்கு ஏல மாற்றங்கள் கிடைக்கும். இரண்டின் திட்டவிலக்கத்தையும் கணித்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்து, வந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். வர்க்கமூலம் சரியென்றால் 2 வர வேண்டும். 1.6 வந்தாலும் 2.4 வந்தாலும் அழித்துவிட்டு 2 என்று எழுதாதீர்கள். பதினாறே அளவுகளில் அந்த அளவுக்குப் பிசகு தற்செயலாகவே வரும். முப்பது பேரின் எண்களையும் பலகையில் எழுதிப் பார்ப்போம். எல்லோரும் ஒரே புற்றடி விலையைத்தான் எழுதி வருவீர்கள் என்றால் அது முப்பது அளவு இல்லை, ஓர் அளவு. அதனால் தேனி பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் போடி ஏலத்து விலையைக் கேட்டு எழுதி வாருங்கள். அதுவும் இதே காய்தான், முழுசாக வேறு அளவாகாது. எவ்வளவு வேறு என்பதைத் திங்கட்கிழமை பார்ப்போம்.

உங்கள் கணக்கு டீச்சர்